மீன் வாடை: முதலில் புளி, பிறகுதான் சோப்பு

மீன் கழுவிய கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தாலும் வாடை போகவில்லை என்று பலர் சொல்வதுண்டு. உடனே நான்காவது முறையும் சோப்பைத்தான் எடுப்பார்கள். மீன் வாடை என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வாடைகள் கலந்திருக்கின்றன. ஒன்று சோப்புக்கு அடங்கும். இன்னொன்று சோப்பு பட்டால் இன்னும் கிளம்பும். எந்த இடத்தில் எது ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கை, சட்டி, சிங்க், அடுப்படிச் சுவர் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்பதில் குழப்பமே இருக்காது.

இரண்டு வாடைகள்

முதல் வாடை பச்சை மீனின் கவிச்சி. கடல் நீர் உப்பு நீர் என்பதால், அதற்குள் வாழும் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கக் கடல் மீன்கள் தசைக்குள் சில பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு. பெயர்தான் நீளம், அதற்கு வாடை எதுவும் கிடையாது. மீன் செத்த பிறகு தோல், செவுள், குடல் ஆகிய இடங்களில் இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, அந்தப் பொருளில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது டிரைமெத்தில் அமைன். கவிச்சி என்று மூக்கைப் பிடிக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். இப்போதுதான் கரைக்கு வந்த மீனில் கடல் வாசம் மட்டும் இருப்பதும், மாலை வரை வெளியே கிடந்த மீனில் தெருவரை நாறுவதும் இதனால்தான்.

இந்த அமைனுக்கு இரண்டு குணங்கள். ஒன்று, இது மிகச் சுலபமாக ஆவியாகும். இதன் கொதிநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் அது காற்றில் கலக்கத் துடித்துக்கொண்டிருக்கும் என்றே சொல்லலாம். இன்னொன்று, இது காரத்தன்மை உடையது. மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை, சோடா உப்பு, சுண்ணாம்பு வகைக் காரம். காரத்தோடு புளிப்பு சேர்ந்தால் அது உப்பாக மாறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். புளி, எலுமிச்சை, வினிகர், மோர் என எந்தப் புளிப்பு பட்டாலும் இந்த அமைன் உப்பாக மாறிவிடும். உப்பாக மாறியது ஆவியாகாது, அதனால் மூக்குக்கு வராது. தண்ணீரிலும் நன்றாகக் கரைந்து போய்விடும். நம் மீன் குழம்பில் புளி இல்லாமல் இருப்பது அபூர்வம். ருசிக்காகத்தான் என்றாலும் இந்த வேலையையும் அது கூடவே செய்துவிடுகிறது.

குளிக்கும் சோப்பும் பாத்திரம் தேய்க்கும் கட்டி சோப்பும் காரத்தன்மை கொண்டவை. கையில் அமைன் இருக்கும்போது நேராகச் சோப்பைப் போட்டால், அடங்கியிருந்த கொஞ்சநஞ்சமும் விடுபட்டு மேலே வரும். வெந்நீர் வேறு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சமையல் சோடாவைத் தேய்த்தாலும் இதே கதைதான். அமைனும் காரம், சோடாவும் காரம். ஒன்றை இன்னொன்று எப்படி அடக்கும்?

இரண்டாவது வாடை எண்ணெயுடையது. மத்தி, கானாங்கத்தை போன்ற மீன்களில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து சிதைந்து, வாடையுள்ள சின்னச் சின்னப் பொருள்களாக உடைகிறது. பொரிக்கும்போது வீடெல்லாம் பரவுவதும், மறுநாள் காலையில் அடுப்படியில் காறல் வாடையாக நிற்பதும் இது. இது எண்ணெய் சம்பந்தப்பட்டது என்பதால் எலுமிச்சை பிழிந்து பயனில்லை. இதற்கு வேண்டியது சோப்பும் வெந்நீரும்.

ஆக, கவிச்சிக்குப் புளிப்பும் பச்சைத் தண்ணீரும், எண்ணெய் வாடைக்குச் சோப்பும் வெந்நீரும். இரண்டும் இருக்கிற இடத்தில் இதே வரிசையில், முதலில் புளிப்பு, பிறகு சோப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கானாங்கத்தை வாங்கி, பாதியைக் குழம்பு வைத்து, பாதியைப் பொரிக்கிறோம் என்று வைத்துக்கொண்டு, இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். வாடையில் கடினமான பரீட்சை இந்த மீன்தான். இதற்குச் சரிப்பட்டால் வஞ்சிரம், சங்கராவுக்கெல்லாம் கவலையே வேண்டாம்.

புளி போடுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள்

வாடையில் பாதி கடையிலேயே முடிவாகிவிடுகிறது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகவோ கொழகொழவென்றோ இருக்கக் கூடாது. கண் தெளிவாகவும் கொஞ்சம் துருத்திக்கொண்டும் இருக்க வேண்டும். வயிற்றை விரலால் அழுத்தினால் குழி விழாமல் திரும்பி எழ வேண்டும். கானாங்கத்தையில் வயிறுதான் முதலில் கெடும். வயிறு வெடித்துக் குடல் எட்டிப் பார்க்கும் மீனை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகக் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாட்களும் நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான் கிடைக்கும், மீதி வெளியூரிலிருந்து ஐஸில் வரும். கோடை வெயிலும் அப்போதுதான். அந்த மாதங்களில் மட்டும் வீட்டில் மீன் வாடை கூடுதலாக இருப்பதாகத் தோன்றினால் உங்கள் சமையலில் குறை தேட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் புளிப்பு எதையும் தொடாமல் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். புளியும் எலுமிச்சையும் கவிச்சியை அடக்கும், ஆனால் கெட்ட மீனை நல்ல மீனாக மாற்றாது. முதலிலேயே புளித்தண்ணீரில் போட்டுவிட்டால் மீன் கெட்டதா இல்லையா என்று மூக்கு சொல்ல வழியில்லாமல் போய்விடும். கானாங்கத்தை, சூரை, மத்தி மூன்றிலும் இன்னொரு ஆபத்து உண்டு. வெகுநேரம் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். அது சமைத்தாலும் போகாது, புளிப்புக்கும் அடங்காது, பெரிதாக வாடையும் காட்டாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவப்பது, தோல் தடிப்பது, தலைவலி என்று வரும். அதனால் இந்த மீன்களை வாங்கும்போது ஐஸில் இருந்தவையா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வரும் வழியிலும் பையில் ஒரு கை ஐஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஒரு கிலோ கானாங்கத்தையைக் கழுவுவது

மீனைத் தொடுவதற்கு முன் சில சின்ன ஏற்பாடுகள். நெல்லிக்காய் அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் ஊற வைத்துவிடுங்கள். குழம்புக்கான புளி வேறு, இது கழுவுவதற்கு. பழைய புளியாக இருந்தால் போதும். குழம்புப் புளியைக் கரைத்த சக்கையையும் தூக்கிப் போடாமல் ஒரு கிண்ணத்தில் வையுங்கள், அது கைக்கு. சிங்க் பக்கத்தில் இரண்டு தாள் செய்தித்தாளை விரித்துவிடுங்கள். கையில் ஓரிரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவி, நகக்கண்ணில் படும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் மீனின் சாறு தோல் இடுக்குகளில் நேராக இறங்காது.

கடையிலேயே வெட்டி வாங்கினாலும் மூன்று விஷயங்களை நாமே பார்க்க வேண்டும். செவுள் முழுசாகப் போயிருக்கிறதா என்பது ஒன்று. மீனின் உடம்பில் பாக்டீரியா மிக அதிகமாகக் குடியிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. குழம்புக்குத் தலை போடுகிறவர்கள் செவுளைத் துளிகூட விடக் கூடாது. அடுத்தது, வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு ரத்தக் கோடு. கட்டை விரல் நகத்தால் அல்லது பழைய டூத் பிரஷால் வழித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் வந்துவிடும். கடைசியாக, வயிற்றின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வு. விரலால் தேய்த்தாலே உரிந்துவிடும். நன்றாகக் கழுவியும் குழம்பு கவிச்சியடித்தால், தொண்ணூறு சதவீதம் இந்த மூன்றில் ஒன்று மிச்சம் இருந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இனி வழுவழுப்பு. மீனின் தோல் மேல் இருக்கும் அந்த வழுவழுப்பில்தான் பாக்டீரியா தங்கும். ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைப் போட்டு மீனைப் பாத்திரத்தின் உள்பக்கத்தில் உரசிப் புரட்டுங்கள். உப்பின் சொரசொரப்பு வழுவழுப்பை வழித்துக்கொண்டு வரும். தூள் உப்புக்கு இந்தச் சொரசொரப்பு கிடையாது. மண் தரையிலும் கல்லிலும் உரசி மீன் கழுவிய வழக்கமும் இதே காரணத்துக்குத்தான். பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வெந்நீர் கூடாது, சூடு பட்டால் வழுவழுப்பும் ரத்தமும் வெந்து மீனோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம்தான் புளித்தண்ணீர். கரைத்து வைத்த அரை லிட்டரை மீன் மேல் ஊற்றி, அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் சேர்த்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, பச்சைத் தண்ணீரில் ஒரு முறை அலசி வடித்துவிடுங்கள். மஞ்சளை விட்டாலும் குற்றமில்லை. கவிச்சியை அடக்குவதில் புளியோடு ஒப்பிட்டால் அதன் பங்கு சின்னது. வழக்கத்தை மாற்ற மனமில்லாமல் நான் போடுகிறேன். புளிக்குப் பதில் அரை மூடி எலுமிச்சையோ இரண்டு மேசைக்கரண்டி வினிகரோ அதே அளவு தண்ணீரில் கலந்தும் செய்யலாம். எலுமிச்சையில் மட்டும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் மறந்துவிட்டால் மீனின் மேல்பாகம் வெளுத்து விறைத்து, குழம்பில் போடும்போது உதிர ஆரம்பிக்கும். மோரில் ஊற வைப்பது மெதுவாக வேலை செய்யும், ஆனால் மீன் மிருதுவாக இருக்கும். பொரிக்கும் பாதிக்கு அது நல்லது.

ஆற்று மீன், ஏரி மீனுக்கு ஒரு வார்த்தை. கெண்டை, ஜிலேபி, கட்லா இவற்றில் அந்த அமைன் சரக்கு மிகக் குறைவு. அவற்றில் வருவது சேற்று வாடை. குளத்தில் உள்ள சில பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேர்வதால் வருவது. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசமும் இதே பொருளால்தான். நல்லவேளையாக ஜியோஸ்மினையும் புளிப்பு சிதைக்கும், அதனால் புளித்தண்ணீர் இங்கேயும் கைகொடுக்கும். அதோடு தோலையும், தோலுக்கடியில் இருக்கும் கருத்த சதையையும் எடுத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். சுறாவும் திருக்கையும் தனி ரகம். அவற்றின் தசையில் யூரியா நிறைய இருப்பதால் பழசானால் அமோனியா நெடியே அடிக்கும். அந்த நெடி வந்த சுறாவை வாங்காமல் வருவதுதான் வழி.

கை

மீன் வேலை முடிந்ததும் கையில் உள்ள சாறு காய விடாதீர்கள். காய்ந்தால் தோலின் ரேகைக்குள் ஒட்டிக்கொள்ளும். குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரில் முதலில் நன்றாக அலசுங்கள். பிறகு எடுத்து வைத்த புளிச் சக்கையை உள்ளங்கையில் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை அரை நிமிடம் தேயுங்கள். சக்கையில் உள்ள நார் நகக்கண்ணுக்குள் போகும், வெறும் சாறு அப்படிப் போகாது. மீண்டும் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். உப்பாக மாறிய அமைன் இந்தத் தண்ணீரோடு போய்விடும். இனி சோப்புப் போடலாம், முன்னால் தடவிய எண்ணெயும் மீன் எண்ணெயும் அதில் போகும். முகர்ந்து பாருங்கள். இன்னும் லேசாக இருந்தால், சோப்பைத் தொடாமல் புளிச் சக்கையோடு ஒரு சுற்று மறுபடி.

பிழிந்த எலுமிச்சைத் தோலும் இதே வேலையைச் செய்யும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் இரண்டுமே எரியும், அன்றைக்கு மோர் போதும். எலுமிச்சை தேய்த்த கையை நன்றாகக் கழுவாமல் வெயிலில் போகக் கூடாது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது கொப்புளமும் கறுப்புத் திட்டும் வர வாய்ப்புண்டு. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எவர்சில்வர் கரண்டியில் கையைத் தேய்த்தால் வாடை போய்விடும் என்றும், அதற்கென்றே சோப்புக்கட்டி வடிவில் ஸ்டீல் விற்பதாகவும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓடும் தண்ணீருக்கடியில் எதை வைத்துத் தேய்த்தாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதற்குக் காசு கொடுத்து ஸ்டீல் கட்டி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மோதிரத்தை மீனைத் தொடுவதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். கை சுத்தமாக இருந்தும் வாடை விடாமல் வருகிறது என்றால் மோதிரத்துக்கு அடியில்தான் இருக்கும்.

பொரிக்கும்போது காற்றைத் திருப்பி விடுவது

குழம்பு பெரிய தொல்லை தராது. புளி கொதித்த பிறகு மீனைப் போட்டு மூடிவிட்டால், புளிப்பிலேயே அமைன் அடங்கிவிடும். புளி சேராத வெறும் மஞ்சள் தண்ணீரில் மீனை வேக வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வீட்டை நாற அடிப்பது பொரியல்தான். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் கிளம்பி, சுவர், அலமாரி, திரைச்சீலை, கொடியில் தொங்கும் துணி என்று எல்லாவற்றிலும் படிகிறது. படிந்த எண்ணெய் அங்கேயே காற்று பட்டு மேலும் சிதையும். அதனால்தான் பொரித்த அன்றைக்குப் பசியைக் கிளப்பிய வாசம் மறுநாள் காறலாக மாறுகிறது.

சின்ன அடுக்ககத்தில் இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் சரியாக வேலை செய்தாலே போதும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதை வேலை செய்ய விடுவதில்லை. ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் வேறு ஏதோ ஒரு வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அது சும்மா சுற்றும். ஃபேனுக்குப் பக்கத்தில் உள்ள அடுப்படி ஜன்னலைத் திறந்தால், வெளிக்காற்று அந்த ஜன்னல் வழியாக வந்து அப்படியே ஃபேன் வழியாகப் போய்விடும். அடுப்பின் மேல் உள்ள புகை நின்ற இடத்திலேயே நிற்கும். சரியான வழி இது: அடுப்படி ஜன்னலைச் சாத்துங்கள், ஹாலின் மறுகோடியில் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அடுப்படிக் கதவை ஒரு சாண் அளவு மட்டும் திறந்து வையுங்கள், படுக்கையறைக் கதவுகளை மூடிவிடுங்கள். ஹாலிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து வெளியேயும் காற்று ஒரே திசையில் ஓடும். கதவிடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது அடுப்படிப் பக்கம் பறந்தால் சரி, ஹால் பக்கம் பறந்தால் எங்கோ ஒரு ஜன்னல் தவறாகத் திறந்திருக்கிறது. ஹாலில் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே எக்ஸாஸ்ட் ஓட ஆரம்பிக்க வேண்டும், அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓட வேண்டும்.

சிம்னி வைத்திருப்பவர்கள் அதிலிருந்து குழாய் வெளியே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் இல்லாமல் காற்றை வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும் வகையில் உள்ள கரி வடிகட்டியை அவ்வப்போது மாற்றாவிட்டால் வாடை அப்படியே திரும்பி வரும்.

எண்ணெய்த் துளி கிளம்புவதையே குறைக்கவும் வழி இருக்கிறது. மசாலா தடவுவதற்கு முன் மீனைத் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். எண்ணெய் வெடித்துத் தெறிப்பது தண்ணீரால்தான். மசாலாவைக் கெட்டியாக, ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பூசினால் மேலே ஒரு பொருக்குக் கட்டிக்கொள்ளும், மீனின் கொழுப்பு எண்ணெயில் அவ்வளவாக இறங்காது. வாணலி நிறைய எண்ணெய் வைத்துப் பொரிப்பதைவிட, தட்டையான கல்லில் மூன்று நான்கு கரண்டி எண்ணெயில் நடுத்தரச் சூட்டில் இரண்டு பக்கமும் வறுப்பது நல்லது. எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டால் வாடை பல மடங்காகிவிடும், உடனே தீயைக் குறைக்க வேண்டும். குறைந்த எண்ணெயில் வறுத்தால் முடிவில் மீன் வாடையடிக்கும் எண்ணெய் மிச்சமாகி, அதை என்ன செய்வது என்ற கேள்வியும் வராது.

சாப்பாட்டை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போகலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அடுப்பு மேடை, அடுப்பின் பின்சுவர், எக்ஸாஸ்ட் விளிம்பு மூன்றையும் சூடு ஆறுவதற்குள் துடைத்துவிட்டால் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து துடைத்து, பிறகு நல்ல ஈரத்துணியால் ஒரு முறை. இங்கே எண்ணெய் வாடை என்பதால் சோப்புதான் மருந்து. பட்டையும் கிராம்பும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பது, சாம்பிராணி போடுவது எல்லாம் வேறு வாசத்தை மேலே சேர்ப்பதுதான். விருந்தாளி வாசலில் நிற்கும்போது உதவும். சுவரில் எண்ணெய் இருக்கும்வரை மறுநாள் வாடை திரும்பி வரும்.

பாத்திரங்கள்

பச்சை மீன் பட்ட பாத்திரத்தையும், மீன் பொரித்த பாத்திரத்தையும் ஒரே மாதிரி கழுவக் கூடாது. மீன் கழுவிய கிண்ணம், கத்தி, அரிவாள்மனை, பலகை இவற்றில் இருப்பது பச்சை ரத்தமும் வழுவழுப்பும். இவற்றில் வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்து ஒட்டுவதைப் போல ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு மீன் ஊறிய புளித்தண்ணீர் மிச்சமிருந்தாலும் அதை விட்டுப் புதுப் புளித்தண்ணீர் கொஞ்சம், அப்புறம் சோப்பு, கடைசியில் வேண்டுமானால் வெந்நீர். மரப்பலகையில் கல் உப்பைத் தூவி, பாதி எலுமிச்சையை வைத்துத் தேய்த்து, கழுவி, வெயிலில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து வாடை பிடிக்கும்.

எவர்சில்வர் குழம்புப் பாத்திரத்தில் தொல்லை குறைவு. உள்ளே பளிச்சென்று இருந்தும் வாடை வந்தால் மூடியின் மடிந்த விளிம்பையும் கரண்டியின் கைப்பிடி மூட்டையும் பாருங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மீன் குழம்பை வைத்தால் எண்ணெய் அதற்குள் இறங்கிவிடும். அதன் பிறகு அந்த டப்பா மீனுக்கே சொந்தம், தயிர் வைக்க முடியாது. குழம்பை மண் சட்டியிலோ எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ வையுங்கள்.

மண் சட்டி நுண்துளை உள்ளது. அதற்குச் சோப்புப் போட்டால் சோப்பும் உள்ளே போய் அடுத்த குழம்பில் வரும். சூடான தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, கடலை மாவோ அரப்போ தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். அதன் பிறகும் வாடை இருந்தால், அரிசி கழுவிய கழுநீரில் கொஞ்சம் புளியைக் கரைத்துச் சட்டியிலேயே ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்க விட்டுக் கொட்டிவிட்டு, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை வாடையும் சேர்ந்துகொள்ளும். மீனுக்கென்று ஒரு சட்டியை ஒதுக்கிவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம், பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது.

இரும்புக் கல்லில் மட்டும் புளி வேண்டாம். அதன் மேல் பழகிப் படிந்திருக்கும் எண்ணெய்ப் பூச்சைப் புளிப்பு அரித்து, துருப் பிடிக்க வைத்துவிடும். பொரித்து முடித்ததும் சூடு இருக்கும்போதே எண்ணெயைச் செய்தித்தாளால் துடைத்து எடுங்கள். கல் உப்பைப் போட்டு அதே தாளால் தேய்த்து, வெந்நீரில் கழுவி, அடுப்பில் வைத்து லேசாகப் புகை வரும் வரை காய்ச்சுங்கள். ஒட்டியிருக்கும் மீன் எண்ணெய் எரிந்துவிடும். மறுநாள் அதில் தோசை வார்க்கலாம். அலுமினியப் பாத்திரத்திலும் புளித்தண்ணீரை வெகுநேரம் ஊற வைக்காதீர்கள், புளிப்பு அதையும் அரிக்கும்.

சிங்கும் குப்பையும்

எல்லாம் கழுவியும் அடுப்படியில் வாடை நிற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது சிங்கின் சல்லடை. அதில் இரண்டு செதிலும் ஒரு துண்டுக் குடலும் சிக்கியிருக்கும். அதை எடுத்துப் போட்டுவிட்டு, நிறையப் பச்சைத் தண்ணீர் விட்டு, மீதிப் புளித்தண்ணீரையோ அரை டம்ளர் வினிகரையோ ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றுங்கள். வாடை கழிவுக் குழாயிலிருந்து வருவதாகத் தெரிந்தால் சிங்குக்கு அடியில் உள்ள கிண்ணம் போன்ற பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிங்கில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு அதோடு வினிகரோ எலுமிச்சையோ ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அடுப்படியில் அது ஆபத்து. மீன் வாடைக்குப் பிளீச்சிங் பவுடர் தேவையே இல்லை.

செவுளும் குடலும் விழுந்த செய்தித்தாளைச் சிங்க் பக்கத்தில் விடாமல் அப்போதே சுருட்டி, இன்னொரு தாளில் சுற்றிக் கட்டுங்கள். குப்பை வண்டி காலையில்தான் வரும் என்றால் அந்தப் பொட்டலத்தை ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்து ஃப்ரீசரில் வையுங்கள். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் உறைந்த நிலையில் பாக்டீரியா வேலை செய்யாது, அமைனும் உருவாகாது, காலையில் எடுத்துப் போட்டால் போதும். தோட்டம் உள்ளவர்கள் ஒரு முழ ஆழத்தில் புதைக்கலாம். அதற்கு மேலே புதைத்தால் பூனை தோண்டிவிடும்.

கடைசியாக, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் நாரும். மீன் பாத்திரத்தைத் தேய்த்த ஸ்பாஞ்சால் டீ டம்ளரைத் தேய்த்தால் டீயில் கவிச்சி வரும், பால் கெட்டுவிட்டது என்று பாலைக் கொட்டுவோம். மீன் நாளுக்கென்று பழைய நார் ஒன்றைத் தனியாக வையுங்கள். வேலை முடிந்ததும் அதைப் புளித்தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சோப்பில் அலசி, வெயிலில் மாட்டிவிடுங்கள். கை துடைத்த துணியை மற்ற துணிகளோடு கூடையில் போடாமல், வினிகர் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்து அலசிவிட்டு அன்றே துவைத்துவிடுங்கள்.